உங்களுக்குத் தெரியுமா? ஒயின் பதக்கத்தை எவ்வளவு நம்பலாம்

ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரவலாக்கிய 100 புள்ளி அளவுகோல் உண்மையில் 50இல்தான் தொடங்குகிறது. 89க்கும் 91க்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு நடுவரின் நாக்கே உறுதியாகப் பிரித்தறிவதில்லை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் 2008 வரை ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்சன் நடத்திய ஆய்வில், ஒரே புட்டியின் ஒயின் அடையாளம் மறைத்து மூன்று முறை ஊற்றித் தரப்பட்டபோது, அதற்கு மாறாமல் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் அளித்தவர்கள் நடுவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே என்பது தெரியவந்தது. எனவே ஒற்றைத் தங்கப் பதக்கத்தைவிட, வெவ்வேறு போட்டிகளில் திரும்பத் திரும்பப் பெற்ற பதக்கங்களுக்கே மதிப்பு அதிகம். கடையின் அலமாரிச் சீட்டில் மதிப்பெண்ணுடன், அதை அளித்தவர் பெயரும் அறுவடை ஆண்டும், அதாவது திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டும், இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2018 அறுவடைக்குக் கிடைத்த 93 புள்ளிகள், அதே அடுக்கில் நிற்கும் 2020 புட்டிக்கு, அவ்வாண்டின் மழையும் வெயிலும் வேறு என்பதால், உரியவை அல்ல.