அனாமத்தில் நின்ற 360 ரூபாய்

மாதக் கடைசியில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் இருப்பாய்வு சேரவில்லை. பற்றுப் பத்தி, வரவுப் பத்தியைவிட 360 ரூபாய் கூடுதல். கணக்கர் அதை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து அறிக்கையை முடித்தார். அனாமத்துக் கணக்கு வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தாங்குமே தவிர, பிழையைத் தீர்க்காது.

இளம் காசாளர் முதலில் பெட்டியை எண்ணினாள். பணம் ரொக்க ஏட்டோடு சரியாக இருந்தது. ஆகவே பிழை பேரேட்டில். 360 என்ற தொகை விடுபட்டதா என்று பார்த்தாள், இல்லை. தவறான பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் 180ஐத் தேடினாள், அதுவும் இல்லை. 360 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதற்கான வலுவான அறிகுறி இது. ஈவு 40. அதாவது நூறாம், பத்தாம் இடத்து இலக்கங்களுக்கிடையே நான்கு வேறுபாடு இருக்க வேண்டும்.

ரொக்க ஏட்டையும் பேரேட்டையும் வரிவரியாக ஒத்துப்பார்த்தபோது கிடைத்தது: ஒரு வாடிக்கையாளர் கட்டிய 5,730, அவர் கணக்கில் 5,370 என்று வரவாகியிருந்தது. கட்டிய பணத்தில் 360 ரூபாயை அவர் இன்னும் பாக்கி வைத்திருப்பதாக ஏடு காட்டிக்கொண்டிருந்தது. இதுதான் உண்மையான அநியாயம். அனாமத்துக் கணக்கில் 360 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 360 வரவு எழுதியதும் அனாமத்து பூஜ்யமானது.

வேறொருவர் கணக்கில் சரியான தொகையை வரவு வைத்திருந்தால், இருப்பாய்வு இந்தப் பிழையைக் காட்டியிருக்காது.