ஸ்லைடில் ஒரு வரி, புரோகிராமருக்கு நான்கு கேள்வி

பேருந்து டிக்கெட் செயலி ஒன்றுக்கான முதல் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் காட்டும் ஸ்லைடில், 'ரத்து செய்தால் உடனடி ரீஃபண்ட்' என்று ஒரு வரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே புரோகிராமரிடம் கொடுக்க முடியாது. பணம் கணக்கில் ஏறும் வேகம் வங்கியின் கையில் இருக்கிறது. செயலியால் கோரிக்கையைத்தான் உடனே அனுப்ப முடியும்.

அதனால் அந்த வரியை யூசர் ஸ்டோரியாக, அதாவது பயன்படுத்துபவரின் வாயால் சொல்வதாக, மாற்றி எழுதுகிறார்கள்: 'டிக்கெட்டை ரத்து செய்யும் பயணியாக, எவ்வளவு பணம் திரும்பும் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் ரத்து செய்யலாமா என முடிவெடுக்க முடியும்.' கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'உடனடி' என்பதைவிடத் தொகை தெரிவதே பயணிக்கு முக்கியம் என்பதைக் காட்டுவது அதுதான்.

அடுத்து ஏற்பு நிபந்தனைகள். 800 ரூபாய் டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால், பிடித்தம் 10 சதவீதம் எனில், உறுதி செய்யும் முன்பே திரையில் 720 ரூபாய் தெரிய வேண்டும். பொத்தானை இருமுறை அழுத்தினாலும் ஒரே ரீஃபண்ட்தான் போக வேண்டும். பேமென்ட் கேட்வே பதில் தராவிட்டால் 'நிலுவையில்' என்று காட்ட வேண்டும்.

சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தால்? ஸ்லைடில் பதில் இல்லை. ஊகித்து எழுதாமல், கேள்வியாகவே குறித்து வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.