நன்றி ஸ்லைடுக்கு எவ்வளவு?

“ஏனுங்க தம்பி, ‘நன்றி’ன்னு ஒரே ஒரு வார்த்தை இருக்கிற ஸ்லைடுக்கும் முந்நூறு ரூபாயா?”

கோவையில் நூற்பாலை மேற்பார்வையாளர்களுக்குப் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் அம்மா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய பயிற்சிக் கோப்பில் 68 ஸ்லைடுகள். வேறொருவர் ஸ்லைடு ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டு 20,400 ரூபாய்க்கு விலை கொடுத்திருந்தார். அந்தத் தாளோடு வந்து உட்கார்ந்திருந்தார். அதே கோப்பில், தீப்பிடித்தால் நூற்புக் கூடத்திலிருந்து எந்த வழியாக வெளியேறுவது என்று காட்டும் வரைபடம் ஒன்று இருந்தது. கைப்பேசியில் பிடித்த மங்கலான படம். இயந்திர வரிசைகளையும் கதவுகளையும் புதிதாக வரைய ஒரு முழுப் பகல் தேவை. அதற்கும் அதே 300 ரூபாய்தான்.

ஸ்லைடு எண்ணிக்கையை வைத்து விலை சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் நிலைத்துவிட்டதற்குக் காரணம் எளிமையானது. நான் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஸ்லைடை அவரே எண்ணிக்கொள்ளலாம். இந்த வழக்கத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் செங்கலை எண்ணி விற்கிறவர் அச்சுக்கு ஆன செலவை மறப்பதில்லை. ஸ்லைடு வேலையிலும் ஓர் அச்சு இருக்கிறது. அதைத் தனியாகக் கணக்கில் வைக்காத விலைப்பட்டியலில்தான் நன்றி ஸ்லைடும் தீயணைப்பு வரைபடமும் ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன.

அந்த அச்சுக்குப் பவர்பாயிண்டில் Slide Master என்று பெயர். View பட்டியலில் அதைத் திறந்தால் மேலே ஒரு பெரிய ஸ்லைடும் அதன் கீழே வரிசையாகச் சிறிய அமைப்புகளும் தெரியும். தலைப்பு எங்கே வரும், எந்த எழுத்துரு, லோகோ எந்த மூலை, பக்க எண் எங்கே என்பதெல்லாம் அங்கே ஒருமுறை முடிவாகிவிட வேண்டும். நிறங்களும் அப்படித்தான். ஒரு கோப்பின் நிறத் தொகுப்பில் 12 இடங்கள் உண்டு: எழுத்துக்கும் பின்னணிக்குமாக நான்கு, அழுத்தம் காட்ட ஆறு, இணைய இணைப்புகளுக்கு இரண்டு. நிறுவனத்தின் பச்சையை அந்த ஆறில் ஒன்றாக உட்கார வைத்துவிட்டால், கோப்பில் எங்கெல்லாம் அந்த இடத்திலிருந்து நிறம் எடுக்கப்பட்டதோ அங்கெல்லாம் ஒரே பச்சை வரும். ஒவ்வொரு ஸ்லைடிலும் கண்ணளவில் பச்சையைத் தேர்ந்தெடுத்தால், நாற்பதாவது ஸ்லைடில் அது வேப்பிலையாகவும் அறுபதாவதில் வாழையிலையாகவும் மாறியிருக்கும்.

அந்த அம்மாவின் கோப்பைத் திறந்தபோது Slide Master பக்கத்தில் ஒன்றல்ல, ஒன்பது அச்சுகள் அடுக்கியிருந்தன. ஏழு ஆண்டுகளாகப் பல கோப்புகளிலிருந்து ஸ்லைடுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒட்டும்போது பழைய வடிவம் அப்படியே இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால், அந்த ஸ்லைடின் அச்சும் கூடவே குடியேறிவிடும். கோப்பின் எடை கூடும். புதிய ஸ்லைடு சேர்க்கும்போது எந்த வடிவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து 68 ஸ்லைடுகளையும் பிரித்தோம். முகப்பு ஒன்று, பாடப் பிரிவுகளுக்கு ஐந்து, நன்றி ஒன்று, ஆக ஏழு. இவை அச்சிலேயே இருக்கும் அமைப்புகள் என்பதால் தனி விலை இல்லை. எழுத்தும் புகைப்படமும் மட்டும் உள்ளவை 34. ஸ்லைடுக்கு 200 வீதம் 6,800 ரூபாய். அட்டவணையும் ‘சரி–தவறு’ ஒப்பீடுகளும் 18. ஸ்லைடுக்கு 400 வீதம் 7,200. புதிதாக வரைய வேண்டிய படங்கள் 9. ஸ்லைடுக்கு 800 வீதம் இன்னொரு 7,200. அச்சுக்குத் தனியே 5,000. மொத்தம் 26,200 ரூபாய். முதல் விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் எந்தப் பணம் எந்த வேலைக்குப் போகிறது என்பது அவர் கண்முன் இருந்தது. ஒன்பது வரைபடங்களில் மூன்று வேண்டாம் என்று அவரே விலக்கியிருந்தால் 2,400 ரூபாய் குறைந்திருக்கும். அவர் விலக்கவில்லை.

திருத்தங்களைப் பற்றியும் அப்போதே எழுதிக்கொண்டோம். இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும். எழுத்துப் பிழை, நிறம், இடமாற்றம் எல்லாம் திருத்தம். வடிவமைத்து முடித்த பிறகு பாடத்தையே மாற்றிக் கொடுத்தால் அது புதிய ஸ்லைடு. இந்த ஒரு வரி இல்லாததால் முறிந்த உறவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் ஸ்லைடுகளில் வரும் ஒரு சிக்கல் இங்கேயும் வந்தது. 14 ஸ்லைடுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் ‘நன்றி’ என்ற சொல் `ed;wp` என்று திரையில் நிற்கும். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆலையின் கணினியில்தான் கோப்பைத் திறக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினோம். மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் ஒரே பெட்டியில் ஆங்கிலச் சொல்லும் கலந்திருந்தால் அதையும் தமிழாக எண்ணிக் குழப்பிவிடும். எனவே ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்லைடுக்கு 50 ரூபாய், ஆக 700 கூடியது.

எழுத்துருத் தேர்விலும் கவனம் வேண்டும். பவர்பாயிண்ட் கோப்பு ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும் தமிழுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஆங்கிலத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், தமிழ் பழைய உருவத்திலேயே நிற்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் இரு மொழி எழுத்தும் ஒரே கையால் வரைந்தது போல இருக்கும். அவை மற்றவர் கணினியில் இருக்காது என்பதால் கோப்புக்குள்ளேயே பதித்துச் சேமிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் நான் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலாவைத்தான் போடுகிறேன். அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் எந்த ஆலையிலும் கைவிடாது. வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்குப் போடுவதைவிடக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்து கோப்பு கைக்கு வந்ததும், பணம் கொடுத்தவர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு. ஏதாவது ஒரு ஸ்லைடைத் திறந்து Home பட்டியலில் உள்ள Reset பொத்தானை அழுத்துங்கள். அச்சில் வார்த்த ஸ்லைடு அசையாமல் நிற்கும். கையால் நகர்த்தி ஒப்பேற்றியது என்றால் தலைப்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகக் கலைந்துவிடும். பிறகு Outline View-ஐப் பாருங்கள். ஸ்லைடில் இருக்கும் பாடம் அங்கே வரிசையாகத் தெரிய வேண்டும். அங்கே வெறுமையாக இருந்தால், எழுத்தெல்லாம் தனித்தனிப் பெட்டிகளில் மிதக்கிறது. அச்சில் எதை மாற்றினாலும் அந்தப் பெட்டிகளின் இடமும் அளவும் மாறாது.

புதுத் தொழில் தொடங்குகிறவர்களின் கோப்பில் இந்தக் கணக்கு வேறுவிதமாகத் தடுமாறும். விவசாயப் பம்பு மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் கருவி செய்த இரண்டு இளைஞர்கள் முதலீட்டாளரிடம் காட்ட 12 ஸ்லைடுகளோடு வந்தார்கள். இந்த வகைக்கு நான் ஸ்லைடுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன். ஒவ்வொன்றும் ஒரு வாதம் என்பதால் பெரும்பகுதி நேரம் வரைவதில் அல்ல, எதை நீக்குவது என்பதில் போகிறது. 18,000 ரூபாய் என்றதும் மறுநாள் எட்டு ஸ்லைடுகளாகச் சுருக்கிக் கொண்டுவந்தார்கள். எதுவும் குறையவில்லை, நான்கு ஸ்லைடுகள் மற்றவற்றுக்குள் திணிக்கப்பட்டிருந்தன. விவசாயியின் பிரச்சினை, சந்தையின் அளவு, போட்டியாளர் ஒப்பீடு மூன்றும் ஒரே பக்கத்தில். எண்ணிக்கை விலை வாடிக்கையாளரைத் தவறான திசையில் தள்ளுவது இந்த இடத்தில்தான். அதன்பிறகு ஸ்லைடை எண்ணாமல் அதில் சொல்லப்படும் கருத்தை எண்ணுகிறேன். ஒரு பக்கத்தில் மூன்று கருத்து இருந்தால் மூன்று விலை, பிரித்தாலும் அதே விலை. பிரிக்கத் தயக்கமே வராது.

இன்னொன்றையும் அவர்களிடம் சொன்னேன். பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளிக்குக் குறையாத எழுத்து என்று கை கவாசாகி சொன்ன கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அது நின்று பேசுகிறவருக்கான கணக்கு. முதலீட்டாளர் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே பிடிஎஃப்பைக் கைப்பேசியில் படித்துவிடுகிறார். பேசுகிறவர் இல்லாத அந்தப் பிரதிக்கு ஒவ்வொரு ஸ்லைடிலும் இரண்டு வரி விளக்கம் கூடுதலாக வேண்டும். அச்சு ஏற்கெனவே இருப்பதால் இந்த இரண்டாவது பிரதிக்குப் பாதி விலைதான்.

அவர்களுடைய லோகோ மஞ்சள். தலைப்புகளையும் மஞ்சளிலேயே கேட்டார்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து கணினித் திரையிலேயே மங்கல். விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டரில் போட்டால் எழுத்து இருப்பதே தெரியாது. இணையத்துக்கான அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கின்றன. பளிச்சென்ற மஞ்சள் வெள்ளையின்மேல் அதில் பாதியைக்கூட எட்டாது. மஞ்சளைப் பட்டையாகவும் வரைபடத்தில் அவர்களுடைய தூணுக்கு மட்டுமான நிறமாகவும் வைத்து, எழுத்தைக் கருநீலத்தில் போட்டோம். போட்டியாளர் தூண்கள் எல்லாம் சாம்பல். மஞ்சள் எங்கே தெரிகிறதோ அங்கே அவர்கள் இருக்கிறார்கள் என்பது மூன்றாவது ஸ்லைடுக்குள் பழகிவிடும்.

பயிற்சியாளர் அம்மா ஓராண்டு கழித்து அழைத்தார். இடையில் 11 ஸ்லைடுகளைத் தாமே சேர்த்திருந்தார். இப்போது அவருடைய நிறுவனத்தின் லோகோ பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறிவிட்டது. “79-க்கும் மறுபடி காசாங்க தம்பி?” என்றார். தொலைபேசியிலேயே வழி சொன்னேன். நிறத் தொகுப்பில் ஓர் இடத்தை மாற்றினார், அச்சில் லோகோவை மாற்றினார். 77 ஸ்லைடுகள் நீலமாயின. இரண்டு மட்டும் பச்சையாகவே நின்றன. இரண்டும் நண்பர் ஒருவரின் கோப்பிலிருந்து அவர் ஒட்டியவை.