முடிவு வருவதற்குள் எழுதிவிடுங்கள்

இன்டர்வியூ முடித்து வந்தவரிடம் "எப்படிப் போச்சு?" என்று வீட்டில் கேட்டால், அநேகமாக இரண்டில் ஒரு பதில்தான் வரும். "நல்லாத்தான் போச்சு." இல்லையென்றால், "சொதப்பிட்டேன்." முக்கால் மணி நேரம் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வந்ததும், நல்லாத்தான் போச்சு என்றவரே "ரெண்டாவது கேள்வியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இப்போது அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

இதை உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் இருவரும் இஸ்ரேல் மாணவர்களிடம் அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க வாய்ப்புண்டு என்று கணிக்கச் சொன்னார்கள். பயணங்கள் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லக் கேட்டார்கள். நடந்துவிட்டதாக நம்பிய விஷயங்களை, தாங்கள் முன்பே அதிக உறுதியோடு கணித்திருந்ததாகப் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1975-இல் இது கட்டுரையாக வந்தது. முடிவு தெரிந்துவிட்டால் மனசு பழைய நினைவைத் திருத்தி எழுதிவிடுகிறது.

அதனால் இன்டர்வியூ நோட்டு வைப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி, முடிவு வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதுதான். அன்றைக்கே, முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள். பேருந்தில் இருந்தால் போனில் குரல்பதிவாகப் பேசிவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் எழுதலாம். (இன்டர்வியூவையே தெரியாமல் பதிவுசெய்வது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.)

எழுதும்போது முதலில் கருத்து வேண்டாம். 'சிஸ்டம் டிசைன்ல வீக்' என்று எழுதிவைத்தால் அடுத்த மாதம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலும், நீங்கள் சொன்னதை உங்கள் வார்த்தைகளிலும், திணறியிருந்தால் திணறிய மாதிரியே எழுதுங்கள். அதைவிட முக்கியம் மறுகேள்வி. ஒரு பதிலைக் கேட்டுவிட்டு அவர் என்ன கேட்டார்? அதே கேள்வியை வேறு விதமாகத் திருப்பிக் கேட்டிருந்தால் முதல் பதிலில் அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று பொருள். ஆழமாக உள்ளே போயிருந்தால் கிடைத்திருக்கிறது. "ஓகே" என்று சொல்லிவிட்டு வேறு தலைப்புக்குத் தாவியிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதை ஊகிக்காமல் 'தாவினார்' என்று மட்டும் எழுதுங்கள். கடைசியாக, அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள் என ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, பக்கத்தில் முடிவுக்கு இடம் விடுங்கள்.

இதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மூன்று வருடம் ஜாவா டெவலப்பராக இருக்கிறார். வேலை மாறப் பார்க்கிறார். ஆறு கம்பெனிகளில் இன்டர்வியூ கொடுத்தும் எங்கும் கிடைக்கவில்லை. கோடிங்கில்தான் தோற்கிறோம் என்று அவர் உறுதியாக நம்புகிறார். ஒரு இடத்தில் கணக்கை முடிக்காமலே நேரம் தீர்ந்துபோனது மனதில் அப்படியே நிற்கிறது. அதற்காகப் பணம் கட்டி வகுப்பில் சேரும் யோசனையிலும் இருக்கிறார்.

நோட்டைப் புரட்டினால் கதை வேறு. ஆறில் நான்கு இடங்களில் கோடிங் ரவுண்டைத் தாண்டியிருக்கிறார். கணக்கை முடிக்காத அந்த இடமும் அந்த நான்கில் ஒன்று. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டதாக அன்றைக்கு எழுதியிருக்கிறார். கேட்டவருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். நான்கு இடங்களிலும் வெளியேறியது அடுத்த ரவுண்டில், செய்த ப்ராஜெக்ட்டைப் பற்றிப் பேசும் இடத்தில். அங்கே எழுதியிருந்த மறுகேள்விகள் இவை: "ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் வரும்?" "நடுவுல மெசேஜ் க்யூ எதுக்கு, நேரா கூப்பிட்டா என்ன?" "இதுல நீங்க செஞ்சது எது?" அவர் சொன்ன பதில்கள்: "நிறைய வரும் சார்", "டீம்ல முடிவு பண்ணாங்க", "நாங்க எல்லாரும் சேர்ந்து பண்ணோம்." நாலு பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இது கண்ணில் படும். இன்டர்வியூ அறையில் இந்தக் கேள்விகள் சாதாரணமாகத் தோன்றியிருக்கும். கோடிங்கில் மாட்டிக்கொள்வது உடம்பெல்லாம் வேர்க்கும் அனுபவம். "டீம்ல முடிவு பண்ணாங்க" என்று சொல்லும்போது யாருக்கும் வேர்ப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை. கம்பெனி ரகசியத்தைத் தொடாமல், தோராயமாகவேனும் தன் சர்வீஸுக்கு வரும் ஆர்டர் எவ்வளவு, தான் எழுதிய பகுதி எது, க்யூ இல்லாத காலத்தில் என்ன சிக்கல் வந்தது என்று டீம் லீடிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் அளவுக்கு அதைச் சுருக்கி, 'நான் செய்தேன்' என்று சொல்லிப் பழக வேண்டும். வகுப்புக் கட்டணம் மிச்சம்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஃபர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த இன்டர்வியூவில் மறுகேள்வி மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். "நீங்க செஞ்சது எது?" என்ற இடத்தில் "ஆர்டர் பத்து மடங்கானா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருந்தால் பதில் ஏறியிருக்கிறது. அந்த வேலை கிடைக்காமல் போனாலும் இது முன்னேற்றம்தான்.

நோட்டால் சொல்ல முடியாததும் உண்டு. அந்தப் பணியிடத்தையே நிறுத்திவைத்திருக்கலாம். உள்ளேயே ஓர் ஆள் கிடைத்திருக்கலாம். மூன்று மாத நோட்டீஸ் பீரியட் என்றதும் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஒரே ஒரு நிராகரிப்பை வைத்துக் காரணம் தேடினால் இல்லாத குறையைத் திருத்தப்போய் நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வோம். ஒரே மறுகேள்வி மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தால் மட்டும் கை வைக்கலாம் என்பது என் கணக்கு. ரெஸ்யூமே அனுப்பியும் கூப்பிடவே இல்லை என்பவர்களுக்கு இந்த நோட்டு உதவாது. அங்கே கோளாறு ரெஸ்யூமேயில் இருக்கிறது.

நூற்றுக்கு இத்தனை என்று போட்ட எண்ணையும் அவ்வப்போது முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிரித்துப் பேசியவரிடம் எண்பது போட்டிருப்போம், முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தவரிடம் இருபது. முடிவு அடிக்கடி தலைகீழாக வந்தால், அந்த எண் அவருடைய முகத்துக்கு நாம் போட்ட மதிப்பெண், நம் பதில்களுக்குப் போட்டதல்ல.

ஒரே கம்பெனியில் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டால் நோட்டு உடனே கைகொடுக்கும். பல இடங்களில் முதல் ரவுண்டு நடத்தியவர் தன் கருத்தை எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். நாம் தடுமாறிய இடத்தை அவர் குறித்திருந்தால் இரண்டாமவர் அங்கேயே தோண்ட வாய்ப்புண்டு. முந்தைய பக்கத்தை எடுத்து, பதில் வராத கேள்விக்கு முதலில் தயாராகுங்கள். எச்.ஆர். முதல் போன் அழைப்பில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டபோது சொன்ன தொகையையும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பேரம் பேச உட்காரும்போது அந்தத் தொகை அவர்கள் கையில் எழுத்தில் இருக்கும். நம் கையிலும் இருப்பது நல்லது.