எந்த மதிப்பெண் உயர்ந்தது?

மாணவி ஒருத்தி கணிதத்தில் 72 மதிப்பெண்ணும் தமிழில் 86 மதிப்பெண்ணும் பெற்றாள். தமிழிலேயே அவள் சிறந்து விளங்குகிறாள் என்று உடனே கூறிவிடலாமா?

வகுப்பின் சராசரி கணிதத்தில் 60, தமிழில் 74. இரண்டிலும் அவள் சராசரியைவிட 12 மதிப்பெண் மிகுதியாகப் பெற்றுள்ளாள். எனினும் இவ்விரண்டும் சமமல்ல. கணிதத்தில் பெரும்பாலோரின் மதிப்பெண்கள் சராசரியை ஒட்டியே அமைந்தன. தமிழிலோ அவை பரவலாக அமைந்தன. இப்பரவலைக் காட்டும் அளவே திட்ட விலக்கம். அது கணிதத்தில் 8; தமிழில் 12.

மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, எஞ்சியதைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது இசட் மதிப்பு ஆகும்.

கணிதம்: (72 − 60) ÷ 8 = 1.5
தமிழ்: (86 − 74) ÷ 12 = 1

ஆகவே, வகுப்பினரோடு ஒப்பிடுகையில் அவள் கணிதத்திலேயே மேலோங்கி நிற்கிறாள்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. இசட் மதிப்பு, வகுப்பினரிடையே ஒருவர் நிற்கும் இடத்தையே காட்டும். அவர் பாடத்தை எவ்வளவு அறிந்துள்ளார் என்பதைக் காட்டாது. சராசரி 80 ஆகவுள்ள வேறொரு வகுப்பில், அதே 72 மதிப்பெண்ணுக்குரிய இசட் மதிப்பு குறை எண்ணாகவே அமையும்.