வக்கீல் கட்டணம்: தொகையைப் பற்றிப் பேசும் முன் கணக்கைக் கேளுங்கள்

கைமாற்றாகக் கொடுத்த 8 லட்சம் ரூபாய் திரும்பி வரவில்லை. ஒருவர் சிவில் நீதிமன்றத்தில் பண வசூல் வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வக்கீலோடு பேசி முடித்த கட்டணம் 60,000 ரூபாய். வழக்குத் தாக்கல் செய்யும்போது 20,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது 20,000, தீர்ப்பு வந்ததும் மீதி. கோர்ட் செலவு தனி. வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. கட்சிக்காரர் தன் பாஸ்புக்கையும் ஜிபே பதிவுகளையும் கூட்டிப் பார்க்கிறார். இதுவரை கொடுத்தது 1,18,000 ரூபாய்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. வக்கீலைப் பகைத்துக்கொண்டால் வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து பேசாமல் இருப்பார்கள். அல்லது, “என்ன சார், இவ்வளவு வாங்கிட்டீங்க?” என்று ஒருநாள் கோபத்தில் கேட்டு உறவை முறித்துக்கொள்வார்கள். இரண்டாலும் பலன் இல்லை. கட்டணம் அதிகமா குறைவா என்பது வாதத்துக்குரிய விஷயம். கணக்குக் கேட்பது அப்படியல்ல. அது கட்சிக்காரரின் உரிமை. நம் புகார் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் 25 முதல் 30 வரையிலான விதிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பற்றியவைதான். கட்சிக்காரரிடம் வாங்கிய பணம், அவருக்காகச் செய்த செலவு, கட்டணமாக எடுத்துக்கொண்ட தொகை ஆகிய மூன்றையும் தேதியோடு வக்கீல் எழுதி வைக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு தொகையும் கட்டணத்துக்கா செலவுக்கா என்பது அந்தக் கணக்கில் தெரிய வேண்டும். வழக்கு நடக்கும்போது, செலவுக்கென்று கொடுத்த பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கட்டணத்தில் வரவு வைக்கக் கூடாது. கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும். நகல் எடுக்கும் செலவு மட்டும் நம்முடையது. ஆகவே கணக்குக் கேட்பது வக்கீலை அவமதிப்பதாகாது. ஒழுங்காகத் தொழில் செய்பவரிடம் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கும்.

கேட்கும் முன் நம் பக்கத்துக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பேசியபடி இதுவரை தர வேண்டிய கட்டணம் 40,000. கோர்ட் பீஸ் எவ்வளவு என்பதற்கு வக்கீலை நம்பி இருக்க வேண்டியதில்லை. பிராதின் கடைசிப் பகுதியில், வழக்கின் மதிப்பும் அதற்குக் கட்டிய கோர்ட் பீஸும் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் 2017-க்கு முன் பண வழக்குகளுக்கு ஏழரை சதவீதமாக இருந்த கோர்ட் பீஸ் அந்த ஆண்டு 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 8 லட்சத்துக்கு 24,000 ரூபாய். சம்மன் பேட்டா, டைப்பிங், நகல் செலவுகளுக்கு 6,000 என்று வைத்தால் மொத்தம் 70,000 ஆகிறது. மீதி 48,000 ரூபாய்க்குத்தான் விளக்கம் வேண்டும்.

எழுத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள் நம் ஊரில் குறைவு. அதனால் சோர்ந்துபோக வேண்டாம். “விசாரணை ஆரம்பிக்கும்போது 20 கொடுங்க” என்று வக்கீல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், அவருடைய குமாஸ்தா துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த தொகையும் பேசிய பேச்சுக்குச் சான்றுகள்தான். பணமாகக் கொடுத்து ரசீது வாங்காத தொகைகளை மட்டும் தேதி, இடம், உடன் இருந்தவர் ஆகிய விவரங்களோடு தனியாக எழுதி வையுங்கள்.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும். அதில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். “மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு, மேற்படி வழக்கில் பேசி முடித்த கட்டணம் ரூ.60,000. அதில் இன்றுவரை தர வேண்டியது ரூ.40,000. நான் கொடுத்திருப்பது ரூ.1,18,000, தேதிவாரிப் பட்டியல் இணைத்துள்ளேன். ஒவ்வொரு தொகையும் கட்டணத்தில் வரவானதா, செலவில் வரவானதா, என்ன செலவு, என்ன தேதி என்ற விவரத்தோடு என் கணக்கின் நகலை 15 நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் செலவைக் கொடுத்துவிடுகிறேன்.” இதை நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள், அல்லது ஒப்புதலோடு தபாலில் அனுப்புங்கள்.

நம் உதாரணத்தில் கணக்கு வருகிறது. 10 வாய்தாக்களுக்கு ஆஜர் கட்டணம் தலா 1,500 வீதம் 15,000. எதிர்த்தரப்பு சொத்தை விற்றுவிடாமல் தடுக்கப் போட்ட, தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவுக்கு 18,000. சீனியர் ஒருவரிடம் ஆலோசித்த வகையில் 15,000.

மூன்றையும் ஒரே மாதிரி எதிர்ப்பது நியாயமில்லை. முதல் வரி நிற்காது. முழு வழக்குக்கும் சேர்த்து ஒரு தொகை பேசிவிட்ட பிறகு, வாய்தாவுக்கு வாய்தா தனிக்கட்டணம் எடுக்க அந்தப் பேச்சில் இடமில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் எதற்காக வைக்கப்பட்டது என்ற விவரம் வரும். அந்த 10 தேதிகளில் எத்தனை நாள் உண்மையில் வேலை நடந்தது, எத்தனை நாள் வெறுமனே தள்ளிப்போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஜப்தி மனு வேறு வகை. முதலில் பேசியபோது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் தனி மனு, தனிப் பிரமாணப் பத்திரம், தனி வாதம் என்று வேலை நடந்திருக்கிறது. அதனால் கட்சிக்காரருக்கு நன்மையும் உண்டு. இதற்கு ஒன்றும் தர மாட்டேன் என்பது சரியல்ல. 18,000 பொருத்தமா என்று பேசித் தீர்க்கலாம். சீனியர் ஆலோசனைக்கு முன்கூட்டிக் கேட்டார்களா, அவருக்குப் பணம் போன ஆதாரம் உண்டா என்ற இரண்டு கேள்விகள் போதும். கட்டணத் தகராறுகளில் பலவும் பேராசையைவிட, முதல் நாளில் பேசாமல் விட்டவற்றால் வருகின்றன என்பது என் எண்ணம். இடைக்கால மனு, மேல்முறையீடு, சீனியர் ஆகிய மூன்றையும் முதல் நாளே பேசிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

ஜெயித்து வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கேட்டால் அது பேரமே அல்ல, விதிமீறல். ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் அப்படிக் கேட்ட கட்டணத்துக்காக வாங்கிய காசோலையை வைத்துத் தொடுத்த வழக்கை 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கணக்கே தர மறுத்தால் என்ன செய்வது? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது; வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி புகார் தரலாம். ஆனால் அங்கே விசாரிப்பது வக்கீலின் நடத்தையை. கண்டிப்பு, தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் வரை போகலாமே தவிர, அதிகம் போன பணத்தை வசூலித்துத் தருவது அதன் வேலையல்ல. அதற்கு சிவில் வழக்குதான் வழி. அதனால்தான் “அதிகம் வாங்கினார்” என்ற புகாரைவிட, “எழுதிக் கேட்டும் கணக்குத் தரவில்லை” என்ற புகார் அங்கே வலுவானது. கடிதத்தின் நகலும் அது போய்ச் சேர்ந்த சான்றும் கையில் இருந்தால், புகாரின் அடிப்படை ஆவணம் தயார்.

“பாக்கியைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. கட்டணப் பாக்கி இருந்தால் வக்கீல் அதற்குத் தனியாகச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. கணக்குத் தகராறு தீரும்வரை காத்திருக்க வேண்டாம். வக்கீலை மாற்ற முடிவு செய்துவிட்டால், கட்டை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.