வேண்டுதல் வேறு, நிய்யத்தும் சங்கல்பமும் வேறு!

பண்ணைப்புரம், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் பாங்கொலியும் கோயில் மணியும் அடுத்தடுத்துக் கேட்கும். இரண்டு வழிபாட்டிலும் கடவுளிடம் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. முஸ்லிம்கள் அதை நிய்யத் என்கிறார்கள்; இந்துக்கள் சங்கல்பம் என்கிறார்கள்.

நிய்யத் எதற்கு? ஒருவர் திராட்சைத் தோட்ட வேலையில் லுஹர் தொழுகையைத் தவறவிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அஸர் நேரம் வந்துவிட்டது. முதலில் விட்டுப்போன லுஹரைக் களாவாகத் தொழுகிறார், பிறகு அஸர். இரண்டுமே 4 ரக்அத். இரண்டிலும் ஓதுவது சத்தமில்லாமல்தான். பார்ப்பவருக்கு ஒரே தொழுகையை இரண்டு முறை தொழுததாகத்தான் தெரியும். எது லுஹர், எது அஸர் என்று பிரிப்பது அவர் மனதில் உள்ள நிய்யத் மட்டுமே.

அதன் இடம் உள்ளம். மனதில் லுஹர் என்று எண்ணிக்கொண்டு வாய் தவறி அஸர் என்று சொல்லிவிட்டால், எண்ணியதுதான் கணக்கு.

சங்கல்பத்தில் மனதோடு வாயும் சேர்கிறது. வீட்டில் கணபதி ஹோமம் என்றால், இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை மூடி, வலது தொடையில் வைக்கச் சொல்வார் அர்ச்சகர். பிறகு ஆண்டின் பெயர், அயனம், மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் வரும். அதன்பின் செய்பவரின் கோத்திரமும் பெயரும். இன்ன நாளில், இன்னார், இன்னதற்காக என்று பதிவு செய்வது போலத்தான். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ‘பேரு, நட்சத்திரம்?’ என்று கேட்பது இதன் சுருக்கம்தான்.

‘குடும்ப க்ஷேமத்துக்காக’ என்பதும் அதில் வருவதால் சங்கல்பமே வேண்டுதல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது முடிகிற சொல்லைக் கவனியுங்கள்: ‘கரிஷ்யே’. ‘செய்யப்போகிறேன்’ என்று பொருள். ‘கொடு’ என்பதல்ல. பலன் அங்கே நோக்கமாகச் சொல்லப்படுகிறது. பேச்சு முழுவதும் செய்பவரின் பொறுப்பைப் பற்றியது.

கேட்பதற்கு வேறு இடம் இருக்கிறது. தொழுகை முடிந்ததும் கையேந்திக் கேட்பது துஆ. கற்பூரம் காட்டும்போது கண்மூடி, ‘தாயே, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கணும்’ என்பது வேண்டுதல். அதற்கு விடை கடவுளிடம்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது. தொழுதுவிட்டுத் துஆ கேட்காமலே எழுந்து போனாலும் அந்தத் தொழுகை நிறைவேறிவிடும். நிய்யத் இல்லாமல் குனிந்து நிமிர்ந்தால் அது தொழுகையே ஆகாது. அதேபோல, எதையும் கேட்காமல் பூஜை செய்யலாம். சங்கல்பம் இல்லாத பூஜைக்கு முழுப் பலன் இல்லை என்பது வழக்கு.

சங்கல்பத்திலும் நிய்யத்திலும் ‘நான் செய்கிறேன்’ என்கிறோம். வேண்டுதலிலும் துஆவிலும் ‘நீ செய்’ என்கிறோம்.